கருவி வழியாகவா, மூலநிரலை ஒட்டியா?

ஆங்கில விக்கிப்பீடியாவில் இருந்து இழைமணி பற்றிய கட்டுரையைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு மொழிபெயர்த்துக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். உள்ளடக்க மொழிபெயர்ப்புக் கருவியில் பத்தி பத்தியாகப் போகலாம், மேற்கோள் எண்கள் பெரும்பாலும் கூடவே வந்துவிடும், ஆனால் கட்டுரையின் ஓரத்தில் வரும் தகவற்பெட்டியின் அளவுருக்கள் தமிழ் வார்ப்புருவோடு பொருந்தாவிட்டால் அதிலிருக்கும் தகவல் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும்.

மூலநிரலை நகலெடுத்து மணல்தொட்டி என்னும் பயிற்சிப் பக்கத்தில் ஒட்டினால் தகவற்பெட்டியின் நிரல் முழுசாக வரும். சமக்குறிக்கு இடப்பக்கம் இருக்கும் அளவுருப் பெயரைத் தொடாதீர்கள், வலப்பக்கத்தை மட்டும் தமிழாக்குங்கள். இங்கே சிக்கல் மேற்கோளில்தான். ஒரு பிரிவை மட்டும் எடுத்தால் இப்படி ஒரு வரி வரும்:

```
<ref name=":0" />
```

முழு விவரம் நீங்கள் எடுக்காத பிரிவில் இருக்கும், அதனால் கட்டுரையின் அடியில் சிவப்பில் பிழை தெரியும். மூலக்கட்டுரையில் அதே பெயரைத் தேடி முழு மேற்கோளையும் ஒட்டிவிட்டால் சரி. நூல் தலைப்பைத் தமிழாக்க வேண்டாம், வாசகர் தேடிப் பிடிக்க முடியாது.

கலைச்சொல்லுக்கு எந்த வழியும் உதவாது. இலங்கைப் பாடநூலில் இழைமணி, தமிழ்நாட்டில் மைட்டோகாண்ட்ரியா. முதல் வரியிலேயே இரண்டையும் தந்துவிட்டு, அப்புறம் கடைசிவரை ஒன்றையே எழுதுங்கள். நான் உரைக்குக் கருவியையும் தகவற்பெட்டிக்கு மூலநிரலையும்தான் எடுப்பேன்.