கட்ராக்ட்டுக்கு லேசா மயக்க ஊசியா, சொட்டு மருந்து மட்டுமா? என்ட ரெண்டு கண்ணும் சொல்ற கதை

வலது கண் தை மாசம், இடது கண் ஆனி மாசம். ரெண்டுக்கும் அதே டொக்டர், அதே தியேட்டர், கண்ணை விறைக்க வைக்கிற அதே சொட்டு மருந்து. வித்தியாசம் ஒண்டுதான், முதல் தரம் கை நரம்பில மிடசோலம் எண்ட மயக்க ஊசி 1 மில்லிகிராம் போட்டாங்க, ரெண்டாந்தரம் நான் வேணாம் எண்டுட்டன். கல்லடியில எங்கட ஒழுங்கையில இப்ப ஆளாளுக்கு எது நல்லம் எண்டு கேக்குறாங்க. எனக்கு ஊசி இல்லாததுதான் நல்லம், ஏன் எண்டு சொல்றன்.

ஊசி எண்டா வெறும் வயிறு, மூச்சுப் பார்க்க விரல்ல கிளிப், அண்டைக்கு வாகனம் ஓடேலாது, கூட ஒரு ஆள் கட்டாயம் வரணும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விடுங்க.

ஆக்கள் விளங்காம இருக்கிறது இதுதான்: நோவை எடுக்கிறது சொட்டு மருந்து, ஊசி இல்ல. ஊசி பயத்தைக் குறைக்குது, அதோட போட்டதுக்குப் பிறகு நடக்கிறது மனசில பதியாமப் பண்ணுது. முழு மயக்கம் இல்ல, டொக்டர் "லைட்டைப் பாருங்க அம்மா" எண்டா பார்ப்பம், கேட்டா பதில் சொல்லுவம், ஆனா பிறகு ஒண்டும் ஞாபகம் இருக்காது. ஊசிக்கு முந்தினது அப்பிடியே இருக்கும், எனக்கும் மேல பச்சைத் துணி விரிச்சது வரைக்கும் வடிவா ஞாபகம், அதுக்குப் பிறகு கையில பிளேன்டீ கப்போட கதிரையில இருக்கன். இடையில ஒண்டுமே இல்ல.

"துளியும் நோகல்ல" எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சன். கிளினிக்குக்குப் போன நேரம் தியேட்டர்ல நிண்ட நேர்ஸ் பிள்ளை சிரிச்சிட்டு, "நீங்க ரெண்டு தரம் 'ஆ' எண்டீங்க அம்மா" எண்டுது. நொந்ததா, நோகல்லையா? எனக்கே தெரியாது, அப்ப என்ட சாட்சிக்கு என்ன பெறுமதி?

ஆனா எனக்குப் பெரிய அடி விழுந்தது வெளிய வந்த பிறகுதான். எந்தச் சொட்டு எத்தின தரம், கண்ணில தண்ணி படக்கூடாது, ராவைக்கு பிளாஸ்டிக் மூடி போட்டுட்டுப் படுக்கணும், எல்லாம் அந்தக் கதிரையில வச்சு எனக்கு மட்டும் சொல்லியிருக்காங்க. நானும் தலையாட்டி "ஓம், ஓம்" எண்டனாம், வீட்டுக்காரர் வெளிய ஓட்டோ பிடிச்சிட்டு நிண்டார். வீட்ட வந்தா ஒரு சொல்லு ஞாபகம் இல்ல. மூடி பையிக்குள்ளயே கிடக்க நான் கண்ணைக் கசக்கிட்டுப் படுத்திருக்கன், காலையில மகள் பையைத் திறந்த பிறகுதான் கண்டம். நல்ல காலம், கண்ணுக்கு ஒண்டும் ஆகல்ல.

ரெண்டாவது கண்ணுக்கு எல்லாம் ஞாபகம். முதல் சொட்டு சுள்ளெண்டு எரிஞ்சிது, பிறகு விறைச்சிட்டு. நிறைய ஆக்கள் கத்தி வாறது தெரியும் எண்டு பயப்படுறாங்க, நான் கண்டது அது இல்ல, மைக்ரோஸ்கோப் வெளிச்சம் கரைஞ்சு ஊதா, மஞ்சளா ஓடினதுதான், வாவியில விழுற பின்னேர வெயிலைத் தண்ணிக்குள்ள முங்கி இருந்து பார்த்த மாதிரி. மிஷின் சத்தம் கூடிக் குறைஞ்சிது, குளிர் தண்ணி காதுப் பக்கம் வழிஞ்சிது. நோவு எண்டா நடுவில ஒருக்காக் கண்ணுக்குள்ள ஊதி விட்ட மாதிரி ஒரு இறுக்கம், லென்ஸ் வைக்கக்குள்ள இன்னொருக்கா. கூட்டிப் பார்த்தா ஒரு நிமிசம் வராது. எல்லாம் முடிய ஒரு கால் மணித்தியாலம்.

இன்னொண்டு, முதல் கண்ணை விட ரெண்டாவது கண் கூட நோகுது எண்டு கன பேர் சொல்றாங்க. முதல் தரம் ஊசி போட்டு ஞாபகம் அழிஞ்ச ஆளுக்கு ரெண்டாவது நோவாத்தானே தெரியும், ஒப்பிட ஒண்டும் இல்லையே. எனக்கும் அப்பிடித்தான் இருந்திச்சு, உண்மையில எது கூட எண்டு சொல்லேலாது, கண்ணும் ரெண்டுதானே, மூண்டாவது வச்சுப் பார்க்கேலாது.

டொக்டர் சொன்ன ஒரு விஷயம், ஊசி கொஞ்சம் கூடினா வயசாக்கள் நித்திரையாப் போயிடுவாங்க, குறட்டை விட்டு திடுக்கிட்டு எழும்பக்குள்ள தலை அசையும், கண்ணுக்குள்ள ஆயுதம் நிக்கிற நேரத்தில அதுதான் ஆபத்து. சில ஆக்களுக்கு அமைதியாகாம தலைகீழா அந்தரம் கூடுறதும் உண்டாம்.

அதுக்காக ஊசியே வேணாம் எண்டு நான் சொல்லல்ல. எங்கட மச்சாளுக்கு முகத்தில துணி போட்டாலே மூச்சு முட்டுது, கை நடுங்குது, அவ ஊசி இல்லாம அசையாமப் படுக்கவே மாட்டா. அவவுக்கு அடுத்த மாசம் ஒப்பரேஷன். அவக்கிட்ட நான் சொன்னது, மருந்து விபரம் எல்லாத்தையும் ஊசிக்கு முதலே கேட்டு வை, வெளிய வந்து சொல்றதை மகளைக் கொப்பில எழுதச் சொல்லு, நீ தலையாட்டுறதை ஒருத்தரும் நம்பக்கூடாது எண்டு. "நான் என்ன உன்னை மாதிரியா" எண்டு சிரிக்கிறா. மகள் கொப்பி வாங்கிட்டா.