இ-சிம்மைப் பழைய போனில் அழித்துவிட்டுப் புதிய போனில் ஏற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

திருகோணமலை டவுனில் ஒரு போன் கடையில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். இ-சிம் பாவிக்கிற யாரும் புதிய போன் வாங்குவதற்கு முன் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

உப்புவெளியில் நாங்கள் மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறோம். வெளியில் தொங்கும் பெயர்ப்பலகையில் இருக்கிற நம்பர்தான் என் நம்பர். முன்பதிவும் அதில்தான் வரும், வங்கியின் ஓ.டி.பி.யும் அதில்தான் வரும். இரண்டு வருடத்துக்கு முன் அதை, பிளாஸ்ரிக் சிம் இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற இ-சிம்மாக மாற்றினேன். போன மாதம் பழைய போனின் பற்றரி ஊதத் தொடங்கியதால் புதியது ஒன்று வாங்கினேன். படங்களையும் தொடர்பு நம்பர்களையும் மாற்றித் தருவதற்கு அந்தக் கடையில் 1,500 ரூபாய் கேட்டார்கள். சரி என்றேன். அது ஒரு சனிக்கிழமை பின்னேரம்.

கடையில் இருந்த தம்பி, முதன்முதலில் தொலைபேசி நிறுவனம் எனக்குத் தந்த கியூ.ஆர். கோட்டைக் கேட்டார். அதை மின்னஞ்சலில் பத்திரமாக வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். புதிய போனில் ஸ்கேன் பண்ணியபோது, இந்தக் கோட் இனிச் செல்லாது, நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள் என்ற கருத்தில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். அவர் நிறுத்தவில்லை.

"அக்கா, பழைய போனில இருக்கிறதாலதான் இதில ஏறுதில்ல. அங்க அழிச்சாச் சரி, இங்க வந்திடும்."

நான் யோசித்து முடிப்பதற்குள் பழைய போனின் செட்டிங்ஸில் போய் சிம்மை அழித்துவிட்டார். அழிக்கட்டுமா என்று போன் ஒரு தடவை கேட்டது. அதற்கும் அவரே ஆம் என்று அழுத்தினார். திரும்ப ஸ்கேன் பண்ணினார். அதே செய்தி.

அது ஏன் என்று பிறகுதான் விளங்கிக்கொண்டேன். இ-சிம்மின் கியூ.ஆர். கோட்டுக்குள் சிம் இல்லை. அதை எங்கே போய் இறக்க வேண்டும் என்ற முகவரியும் ஒரு குறியீடும் மட்டுமே இருக்கின்றன. எழுத்தில் இப்படி இருக்கும்:

```
LPA:1$<server-address>$<activation-code>
```

போன் அந்த முகவரிக்குப் போய், நிறுவனம் எங்களுக்காகத் தயார் பண்ணி வைத்திருக்கிற சிம் விபரத்தை ஒரு தடவை இறக்கி, தன் உள்ளே இருக்கிற சிப்பில் பதிந்துகொள்கிறது. பதிந்ததும், இது கொடுத்தாயிற்று என்று அந்தப் பக்கத்தில் குறித்துவிடுவார்கள். வழக்கமாக அத்தோடு அந்தக் கோட் முடிந்தது. பழைய போனில் அழிப்பதால் அது திரும்பவும் உயிர்பெறாது. பிளாஸ்ரிக் சிம்மைக் கழற்றி மற்றப் போனில் போடுகிற மாதிரி நினைத்ததுதான் அந்தத் தம்பி விட்ட பிழை. உண்மையில் அவர் செய்தது, கழற்றிய சிம்மைக் கத்தரிக்கோலால் வெட்டிய மாதிரியான வேலை. நம்பர் நிறுவனத்தின் கணக்கில் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதைத் தாங்குவதற்கு உலகத்தில் ஒரு சிம்கூட இல்லை.

அவர் அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. "கொஞ்ச நேரத்தில சிக்னல் வரும் அக்கா, வீட்ட போய்ப் பாருங்கோ" என்று சொல்லிக் காசையும் வாங்கிக்கொண்டார். எனக்கு இன்றைக்கும் ஆற முடியாதது இதுதான். தெரியாது என்று சொல்லியிருந்தால், நிறுவனத்தின் சேவை நிலையம் பூட்டுவதற்கு முன் ஓடிப்போயிருப்பேன்.

வீட்டில் என்னை ஏமாற்றியது வாட்ஸ்அப். பழைய போனில் வைஃபையில் அது வழக்கம்போல வேலை செய்தது. செய்திகள் வந்தன, போயின. நம்பர் இருக்கிறது என்று நம்பி இருந்துவிட்டேன். ஒரு தடவை பதிந்த பிறகு வாட்ஸ்அப்புக்கு அந்த நேரத்தில் சிம் தேவையில்லை என்பது எனக்குத் தெரியாது. இரவு புதிய போனில் அதைத் திறந்தபோது எஸ்.எம்.எஸ்.இல் வரவேண்டிய ஆறு இலக்கம் வரவேயில்லை. மகளின் போனிலிருந்து என் நம்பருக்கு எடுத்தேன், தொடர்புகொள்ள முடியாது என்றது. அடுத்த நாள் ஞாயிறு, அதற்கு அடுத்த நாள் போயா. இரண்டு நாளும் சேவை நிலையம் பூட்டு. பலகையைப் பார்த்து எத்தனை பேர் எடுத்தார்களோ.

செவ்வாய்க்கிழமை காலையில் போனால் அடுத்த அடி.

"நம்பர் யாருட பேர்ல இருக்கு?"

அம்மாவின் பெயரில். பல வருடங்களுக்கு முன் அவவின் அடையாள அட்டையில் எடுத்த சிம் அது. அவ இருப்பது சம்பூரில். உரியவர் நேரில் வரவேண்டும், இல்லாவிட்டால் அந்த நம்பருக்கு ஒரு ஓ.டி.பி. அனுப்பி உறுதிப்படுத்தலாம் என்றார்கள். ஓ.டி.பி. வருவதற்கு நம்பர் வேண்டுமே! பழைய போனில் சிம் இருந்திருந்தால் அந்த ஒரு செய்தியோடு வேலை முடிந்திருக்கும். முழங்கால் வருத்தத்தோடு அம்மா மூதூர், கிண்ணியா வழியாக ஆட்டோவில் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு மணி தாண்டியிருந்தது.

அங்கிருந்த பிள்ளை பொறுமையாகச் செய்து தந்தா. முதலில் புதிய போனில் *#06# அடிக்கச் சொன்னா. திரையில் IMEI-யோடு EID என்று 32 இலக்க எண் ஒன்று வந்தது. அந்த EID வந்தால்தான் போனுக்குள் இ-சிம் சிப் இருக்கிறது. ஒரே மொடலாக இருந்தாலும் சில நாடுகளுக்கென்று செய்த போன்களில் அது இருக்காதாம். வெளிநாட்டிலிருந்து வந்த போன் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பதற்கு முன்பே இதை அடித்துப் பாருங்கள். பிறகு அம்மாவின் அட்டையைப் பார்த்து, புதிய கியூ.ஆர். ஒன்றைத் தாளில் எடுத்துத் தந்தா. சிம் இல்லாத போனில் டேட்டாவும் இராது, ஆனபடியால் மகளின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துத்தான் இறக்கினோம். இருபது நிமிடம் போல எடுத்தது சிக்னல் கோடு வர. அம்மா தன் போனிலிருந்து எடுத்துப் பார்த்தா, மணி அடித்தது. நானும் திரும்ப எடுத்தேன். ஒரு எஸ்.எம்.எஸ். வந்து சேர்ந்த பிறகுதான் கதிரையை விட்டு எழும்பினேன்.

புதிய கோட் கையில் வந்து, அதை இறக்குவதற்கு முன், கடைத் தம்பி மகளுக்கு எடுத்து, புதிய கோட்டைப் படம் எடுத்து அனுப்பினால் தானே போட்டுத் தருவதாகச் சொன்னார். அனுப்பவில்லை. பாவிக்காத கோட் யாருடைய போனில் முதலில் ஏறுகிறதோ, நம்பரும் ஓ.டி.பி.யும் அந்தப் போனுக்குத்தான் போகும். அவர் நல்ல மனதோடு கேட்டிருந்தாலும் அதைக் கொடுக்க முடியாது.

சில போன்களில் பழையதிலிருந்து புதியதுக்கு இ-சிம்மை நேரே மாற்றுகிற வழி செட்டிங்ஸிலேயே இருக்கிறது. அது நிறுவனமும் இடம் கொடுத்தால்தான் நடக்கும். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து அதை முதலில் முயற்சி பண்ணிப் பாருங்கள். நிறுவனத்தைக் கேள் என்று வந்தால், பழைய போனில் எதையும் தொடாமல் சேவை நிலையத்துக்குப் போங்கள். விடுமுறைக்கு முதல்நாள் பின்னேரம் வேண்டாம், வேலைநாள் காலையில் போங்கள். புதியது வேலை செய்யத் தொடங்கும்போது பழையது தானாகவே சிக்னலை இழந்துவிடும். புதிய போனில் அழைப்பு வந்து, போய், எஸ்.எம்.எஸ்.உம் வந்த பிறகு பழையதில் அழித்தால் போதும். பழைய போனை விற்பதற்காக முழுதாக அழிக்கிறபோதும் கவனம். இ-சிம்மையும் அழிக்கட்டுமா என்று அங்கே ஒரு கேள்வி தனியாக வரும்.

அம்மா வந்த கையோடு, நம்பரை என் பெயருக்கு மாற்றுகிற படிவத்திலும் அன்றைக்கே கையெழுத்து வைத்துவிட்டுப் போனா.