நன்னீர் ஏரியும் கடலும்: பனிக்கட்டி உறையும் இரு விதம்

பின்லாந்தின் ஏரியொன்றில் இலையுதிர்காலக் குளிர் தொடங்கியதும், மேற்பரப்பு நீர் குளிர்ந்து, அடர்த்தி கூடி, கீழே இறங்க, அடியிலுள்ள சற்று வெதுவெதுப்பான நீர் மேலே வருகிறது. ஏரி முழுவதும் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸை எட்டும்வரை இந்தச் சுழற்சி தொடரும். நீரின் அடர்த்தி மிக அதிகமாக இருப்பது அந்த வெப்பநிலையில்தான்; அதற்குக் கீழே மூலக்கூறுகள் பனிக்கட்டியின் இடைவெளி மிகுந்த அமைப்பை நோக்கி நகர்வதால் நீர் சற்றே விரிகிறது. ஆகவே மேலும் குளிரும் நீர் இறங்காமல் மேலேயே தங்கி, காற்றில்லாத இரவொன்றில் விரைவாக உறைந்துவிடுகிறது. பலத்த காற்று அடித்தால் அடுக்குகள் கலந்து, உறைவு தள்ளிப்போகும்.

ஆர்க்டிக் கடலில் இந்த வசதி இல்லை. லிட்டருக்குச் சுமார் 25 கிராமுக்கு மேல் உப்பிருந்தால், நீர் உறையும்வரை அடர்த்தி கூடிக்கொண்டே போகும். 35 கிராம் உப்புள்ள நீர் −1.9 டிகிரியில்தான் உறையும். எனினும் ஆர்க்டிக்கில் கடல் முழுவதும் குளிர வேண்டியதில்லை. உப்புக் குறைந்த மேலடுக்கு, உப்பு மிகுந்த ஆழ்நீரின் மீது மிதப்பதால், அந்த அடுக்கு குளிர்ந்தாலே போதும்.

இரண்டிலும் பனிக்கட்டி மேலேயே நிற்பதற்குக் காரணம் 4 டிகிரி அன்று. அது நீரைவிட ஏறத்தாழ 8 விழுக்காடு லேசானது என்பதே.