ரீவைண்டர் இயந்திரத்தில் சேஃப் டார்க் ஆஃப்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் ஆலையில் காகிதச் சுருள்களை நறுக்கி மீண்டும் சுற்றும் ஸ்லிட்டர் ரீவைண்டர் ஒன்று உள்ளது. அதன் மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய டிரைவ்களை மாற்றியபோது, டிரைவுக்கு முன்னால் இருந்த இரண்டு பாதுகாப்புக் கான்டாக்டர்களையும் நீக்கிவிட்டு, புதிய டிரைவிலேயே உள்ள, மோட்டாரின் முறுக்குவிசையைப் பாதுகாப்பாக நீக்கும் சேஃப் டார்க் ஆஃப் வசதியை, அதாவது எஸ்டிஓவை, சேஃப்டி ரிலேயுடன் இணைத்தோம். சில ஆண்டுகளாக அது அன்றாடப் பயன்பாட்டில் இருப்பதால், அதனால் தீர்ந்தது எது, தீராதது எது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது.

பழைய முறையில் காப்புக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் டிரைவுக்கு வரும் 415 வோல்ட் மின்சாரமே துண்டிக்கப்படும். கதவை மூடிய பிறகு டிரைவின் மின்தேக்கிகள் ஒரு மின்தடையின் வழியாக மீண்டும் மின்னேற்றம் பெற வேண்டும். அடிக்கடி சுருள் மாற்றும் இயந்திரத்தில் அந்த மின்தடை சூடேறிப் பழுதாவது வியப்பில்லை. எஸ்டிஓவில் முதன்மை மின்சாரம் அப்படியே இருக்கும். எஸ்டிஓவின் இரு தடங்களான 24 வோல்ட் உள்ளீடுகளில் எது விழுந்தாலும், மோட்டாருக்கு மின்சாரத்தைத் தரும் மின்னணு சுவிட்சுகளான ஐஜிபிடிகளுக்குச் செல்லும் தூண்டு துடிப்புகள் நின்றுவிடும். துடிப்பில்லாமல் சுழலும் காந்தப்புலம் உருவாகாது; புலமில்லாமல் மோட்டார் முறுக்குவிசை தராது. டிரைவ் மட்டும் விழித்திருக்கும். கதவை மூடி ரீசெட் செய்தவுடன் ஓடத் தயாராகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே மாற்றம் பயனுள்ளது என்பேன்.

ஆனால் எஸ்டிஓ முறுக்குவிசையைத்தான் எடுக்கிறது, இயக்கத்தை எடுப்பதில்லை. எங்கள் ரீவைண்டரில் முழுச் சுருள் 800 மி.மீ. விட்டமும் சுமார் 400 கிலோ எடையும் கொண்டது. நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் ஓடும்போது எஸ்டிஓவை மட்டும் விழவைத்தால், அது தன் சுழல்நிலைமத்தாலேயே ஏறத்தாழ 40 விநாடி உருண்டு நிற்கிறது. டிரைவும், நிறுத்தும்போது வரும் ஆற்றலை வெப்பமாக்கும் பிரேக்கிங் ரெசிஸ்டரும் சேர்ந்து கட்டுப்பாட்டோடு நிறுத்தினால் 3 விநாடி போதும். அவசர நிறுத்தத்துக்கு எஸ்டிஓவை நேரடியாக இணைத்திருந்தால், நிறுத்த உதவக்கூடிய ஒரே பிரேக்கை நாமே கைவிட்டதாக ஆகியிருக்கும்.

ஆகவே சேஃப்டி ரிலேயின் இரு வகைத் தொடுகைகளையும் பயன்படுத்தினோம். கதவுத் திறப்பு வேண்டுகோள் பொத்தானோ எமர்ஜென்சி ஸ்டாப்போ அழுத்தப்பட்டவுடன், உடனடித் தொடுகை டிரைவுக்கு விரைவு நிறுத்தக் கட்டளையைக் கொடுக்கிறது. 4 விநாடி கழித்துத் தாமதத் தொடுகைகள் இரண்டும் திறந்து, எஸ்டிஓவின் இரு தடங்களையும் விழவைக்கின்றன. ஐஈசி 60204-1 தரநிலை இதை நிறுத்தப் பிரிவு 1 என்கிறது. எஸ்டிஓ மட்டும் என்றால் அது பிரிவு 0. டிரைவ் கையேடுகளில் இந்தக் கால அடிப்படையிலான ஏற்பாட்டுக்கு எஸ்எஸ்1-டி என்று பெயர்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். டிரைவ் உண்மையில் வேகத்தைக் குறைக்கிறதா என்று இங்கு யாரும் கண்காணிப்பதில்லை. பிரேக்கிங் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் டிரைவ் மிகைமின்னழுத்தப் பிழையில் விழுந்துவிடும். 4 விநாடி முடிந்து எஸ்டிஓவும் விழும். சுருளோ அப்போதும் சுழன்றுகொண்டிருக்கும். ஆகவே 4 விநாடியானதும் கதவுப் பூட்டை விடுவிப்பது தவறு. பூட்டில்லாக் கதவு எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 13855 தரும் கணக்கில், வேகத்தை நிறுத்த நேரத்தால் பெருக்கும் K × T என்ற முதன்மைப் பகுதியை மட்டும் போட்டாலே இது விளங்கும். மனிதர் நெருங்கும் வேகம் K விநாடிக்கு 1600 மி.மீ. என்று கொண்டால், 3 விநாடி நிறுத்த நேரத்துக்கே கதவு 4.8 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். 40 விநாடிக்கு 64 மீட்டர். எங்கள் கதவுக்கும் சுருளுக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை. எனவே பூட்டும் இன்டர்லாக் தவிர்க்க முடியாதது. அதன் விடுவிப்பை நேரத்தோடு இணைக்காமல், சுழற்சி நின்றதை உறுதிசெய்யும் தனிப் பாதுகாப்பு ரிலேயோடு இணைத்தோம். செலவு கூடியது என்று சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு இந்த மின்சுற்றில் மிக நியாயமான செலவாகத் தோன்றுவது அதுதான்.

பயன்பாட்டில் திரும்பத் திரும்பத் தலைகாட்டிய பழுது, இரு தடங்களுக்கு இடையிலான முரண்பாடு. எஸ்டிஓ விழும்போது ஒரு தடம் விழுந்து, மற்றது குறித்த நேரத்துக்குள் விழாவிட்டால், டிரைவ் அதை உள்பழுதாகக் கருதிப் பூட்டிக்கொள்ளும். எங்களுடையதில் சாதாரண ரீசெட் அதை நீக்காது, மின்சாரத்தை அணைத்துப் போட வேண்டும். டிரைவ்தான் கெட்டுவிட்டது என்று இரவுப் பணியில் முடிவுகட்டுவது எளிது. மாறாக, இரு உள்ளீடுகளிலும் 0 வோல்ட் முனையோடு ஒப்பிட்டு மின்னழுத்தத்தை அளந்தபடி கதவுத் திறப்பு வேண்டுகோள் பொத்தானை அழுத்தினால் காரணம் தெரிந்துவிடும். ஒன்று 24 வோல்ட்டிலேயே நின்றால் ரிலேத் தொடுகை ஒட்டியிருக்கிறது, அல்லது அந்தக் கம்பி வேறெங்கோ 24 வோல்ட்டைத் தொடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது காரணமின்றி ஒரு தடம் மட்டும் விழுந்தால், பெரும்பாலும் முனையில் தளர்ந்த திருகுதான்.

தொடுகை இல்லாத மின்னணு வெளியீடுகளைக் கொண்ட, நிரல்படி இயங்கும் பாதுகாப்புக் கட்டுப்படுத்தியான சேஃப்டி பிஎல்சியை இணைப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. அவை தம்மையே சோதித்துக்கொள்ள, ஒரு மில்லிவிநாடி அளவிலான அணைப்புத் துடிப்புகளை அவ்வப்போது அனுப்பும். டிரைவின் உள்ளீடு அவற்றை வடிகட்டாவிட்டால் இயந்திரம் காரணமின்றி நிற்பதுபோல் தோன்றும். வாங்குவதற்கு முன்பே இரு கையேடுகளிலும் இந்த ஓர் எண்ணை ஒப்பிட்டுவிடுவது நல்லது.

மீள்தொடக்கத்தையும் கவனிக்க வேண்டும். எஸ்டிஓ உள்ளீடுகள் திரும்பியதும், ஓட்டக் கட்டளை இன்னும் உயர்நிலையில் இருந்தால் சில அமைப்புகளில் டிரைவ் தானாகவே ஓடத் தொடங்கும். நாங்கள் கட்டளையை அது தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்கு மாறும் விளிம்பில் மட்டும் ஏற்கும்படி அமைத்து, அதற்கு முன் கதவுக்கு வெளியே உள்ள ரீசெட் பொத்தானை அழுத்துவதையும் கட்டாயமாக்கினோம்.

பராமரிப்பு ஊழியரிடம் நான் விடாமல் வற்புறுத்துவது, திரையில் எஸ்டிஓ என்று தெரிவதை மின்சாரம் இல்லை என்று படிக்கக் கூடாது என்பதே. டிரைவுக்குள் நேர்மின் பகுதியில் சுமார் 590 வோல்ட் அப்போதும் இருக்கும். மோட்டார் முனைகளிலும் மின்னழுத்தம் இருக்கலாம். முனைப்பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் முதன்மை ஐசொலேட்டரை அணைத்துப் பூட்டி, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, அளந்து பார்த்த பிறகே கைவைக்க வேண்டும். பாரம் தூக்கும் செங்குத்து அச்சுகளுக்கும் எஸ்டிஓ மட்டும் போதாது. முறுக்குவிசை போனதும் பாரம் கீழே இறங்கும் என்பதால் இயந்திர பிரேக் தேவை.

எங்கள் மின்சுற்று பாதுகாப்பு நம்பகத்தன்மை அளவில் பிஎல் டி, வகை 3 என மதிப்பிடப்பட்டது. டிரைவின் எஸ்டிஓவுக்குக் கையேடு இன்னும் உயர்ந்த தரத்தைச் சொல்கிறது. ஆனால் சங்கிலியில் பலவீனமான கண்ணி கதவு சுவிட்சுகள்தான். இரண்டு கதவுகளின் தொடுகைகளைத் தொடராக இணைத்தால், ஒரு கதவில் உள்ள பழுதை மற்றக் கதவைத் திறந்து மூடுவது மறைத்துவிடக்கூடும். ஆகவே பின்னர் ஒவ்வொரு கதவையும் தனி உள்ளீட்டுக்கு மாற்றினோம். ஆண்டுக்கு ஒரு முறையாவது, இயந்திரம் மெதுவாக ஓடும்போது எஸ்டிஓவின் ஒரு தடத்தை மட்டும் முனையில் கழற்றி, மோட்டார் விசையிழப்பதையும் திரையில் முரண்பாட்டுப் பிழை வருவதையும் குறித்துக்கொண்டு, பிறகு அடுத்த தடத்துக்கும் அதையே செய்கிறோம்.