முழங்கால் எக்ஸ்ரே: முள்ளைப் பார்ப்பதா, இடைவெளியை அளப்பதா?

முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்குத் தரம் போட இரண்டு அளவுகோல்கள் அதிகம் புழங்குகின்றன. கெல்கிரன்–லாரன்ஸ் 1957-ல் வந்தது. 0 முதல் 4 வரை. ஸ்வீடனின் அல்பேக் 1968-ல் தந்தது 1 முதல் 5 வரை. இரண்டும் ஒரே நோயைத்தான் அளக்கின்றன, ஆனால் தொடங்கும் இடம் வேறு.

கெல்கிரன்–லாரன்ஸ், மூட்டு விளிம்பில் கூடுதலாக வளரும் எலும்பு முள்ளிலிருந்து தொடங்குகிறது. தெளிவான முள் இருந்தால் தரம் 2. எலும்புகளுக்கு நடுவே உள்ள மூட்டு இடைவெளி உறுதியாகக் குறைந்து, முட்கள் பலவாகி, எலும்பு விளிம்பு சற்று வெளுத்து இறுகியிருந்தால் 3. அல்பேக் முள்ளைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. மூட்டு இடைவெளி 3 மி.மீ.-க்குக் கீழே போனாலோ, மறுபக்க இடைவெளியில் பாதிக்கும் குறைந்தாலோ தரம் 1. இடைவெளியே இல்லாமல் போனால் 2. அதற்கு மேல் எலும்பு எவ்வளவு தேய்ந்தது என்பதுதான் கேள்வி.

இந்த வேறுபாடு ஒரு படத்தில் பளிச்சென்று தெரியும். அறுபது வயதுப் பெண், நின்றபடி எடுத்த படம் என்று வைத்துக்கொள்வோம். உட்பக்க இடைவெளி 2 மி.மீ., வெளிப்பக்கம் 5 மி.மீ. முள் இல்லை; உட்பக்கத்தில் டிபியா என்ற கீழ்க்கால் எலும்பின் விளிம்பு லேசாக வெளுத்திருக்கிறது. அல்பேக்கில் தயக்கமின்றி தரம் 1. கெல்கிரன்–லாரன்ஸிலோ இந்த முழங்காலுக்கு இடமே இல்லை. முள் இல்லையே என்று ஒருவர் 1 போடுவார், இடைவெளி குறைந்ததே என்று இன்னொருவர் 3 போடுவார். எதிர்ப்பக்கமும் உண்டு: விளிம்பெல்லாம் முள், இடைவெளி 5 மி.மீ. கெல்கிரன்–லாரன்ஸில் தரம் 2, அல்பேக்கில் தரமே கிடையாது.

அப்படியானால் இடைவெளிதான் நம்பகமா? படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. படுத்து எடுத்தால் எடை ஏறாததால் தேய்ந்த மூட்டும் அகலமாகத் தெரியும். நின்று எடுத்தாலும் கதிரின் கோணம் தவறினால் இடைவெளி பொய் சொல்லும். டிபியா மேற்பரப்பின் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இரட்டைக் கோடாகப் பிரிந்து தெரிந்தால் மி.மீ. கணக்கை நம்பாதீர்கள். தொடை எலும்பின் பின்பகுதிக் குருத்தெலும்பு முதலில் தேய்ந்திருந்தால், நேராக நின்ற படத்தில் தப்பிவிடும். முழங்காலை 45 டிகிரி மடக்கி நின்று, பின்னாலிருந்து எடுக்கும் ரோஸன்பெர்க் படத்தில்தான் அது தெரியும். மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் வெளியே நழுவியிருந்தாலும் இடைவெளி குறையும், எனவே குறைவு எல்லாமே குருத்தெலும்பின் இழப்பு அல்ல.

எலும்பு வெளுப்புக்கு நான் குறைந்த எடையே கொடுப்பேன். கதிரின் அளவு மாறினாலே அதன் தோற்றமும் மாறுகிறது. அதை மட்டும் வைத்து ஒரு தரம் மேலே ஏற்றுவது சரியில்லை.

என் தேர்வு, அறிக்கையில் கெல்கிரன்–லாரன்ஸ் எண்ணைப் போட்டு, அடுத்த வரியில் பிரித்து எழுதுவது: ‘உட்பக்கம் 2 மி.மீ., வெளிப்பக்கம் 5 மி.மீ., முள் இல்லை, நின்று எடுத்த படம்.’ அடுத்த ஆண்டுப் படத்தோடு ஒப்பிடுபவருக்கு உதவப்போவது இந்த இரண்டாவது வரிதான்.