சொல் கேளாத கை: இரண்டு வகை, இரண்டு காரணம்

தன் கையே தன் பேச்சைக் கேட்காத நிலைக்கு 'அந்நியக் கை' என்று பெயர். பழுது எங்கே என்பதைப் பொறுத்து கையின் குணம் மாறுகிறது.

இடது மூளையில் நெற்றிமடலின் உட்பக்கம் சேதமானால், பெரும்பாலும் வலது கைதான் அடங்காது. கண்ணில் படும் பேனாவையோ கதவுப் பிடியையோ பற்றிக்கொள்ளும். விடச் சொன்னாலும் விடாது. கடைசியில் இடது கைதான் விரல்களைப் பிரித்தெடுக்கும். உள்ளங்கையைத் தடவினாலே விரல்கள் மூடிக்கொள்வது இதன் அடையாளம். கையை எட்டவிடாமல் அடக்கிவைக்கும் பகுதி போய்விட்டது, அவ்வளவுதான்.

மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் அறுந்தால் கதை வேறு. இங்கே வலது கை சட்டைப் பித்தானைப் போடப் போட, இடது கை பின்னாலேயே கழற்றிக்கொண்டு வரும். பார்ப்பவருக்குச் சிரிப்பு வரலாம், நோயாளிக்கு வராது. பற்றும் அனிச்சை பொதுவாக இருக்காது. கண்ணை மூடச் சொல்லி இடது கையில் சாவியைக் கொடுங்கள்: வலக்கைப் பழக்கமுள்ளவரால் பெயர் சொல்ல முடியாது, ஆனால் அதே கையால் பல பொருள்களுக்குள் அதைத் தேடி எடுத்துவிடுவார். தொட்டறிந்த செய்தி இடது மூளையின் மொழிப் பகுதிக்குப் போய்ச் சேரவில்லை.

முன் பெருமூளைத் தமனி அடைபட்டால் இரண்டு இடமுமே பழுதாகலாம். அப்போது அறிகுறிகள் கலந்தே வரும்.