தலைப்பைத் தமிழாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் எக்செல் கோப்பைக் கொடுக்கும் முன்

மண்டபம், பாம்பன், தொண்டி பக்கம் மீன் எடுத்துக் கருவாடு போடும் குடும்பங்கள் பலவும் இப்போது எக்செலில்தான் கணக்கு வைக்கின்றன. எங்கள் குடும்பமும் அப்படித்தான். எடை போடும் இடத்தில் நிற்கும் பெரியம்மாவுக்கும், பணம் பட்டுவாடா செய்யும் சித்தப்பாவுக்கும் ஆங்கிலத் தலைப்புகள் சிரமமாக இருந்ததால், தலைப்புகளையும் ஃபார்முலா குறிப்புகளையும் தமிழில் மாற்றித் தரும்படி நகரில் உள்ள ஒரு கணினி மையத்திடம் கோப்பை ஒப்படைத்தோம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் வேலை முடிந்து கைக்கு வந்தது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. ஜூன் பாதியில் படகுகள் இறங்கிய பிறகுதான் பணம் போகத் தொடங்கியது.

நடந்தது புரிய எங்கள் கோப்பின் அமைப்பைச் சற்றுச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு ஒரு கோப்பு. அதில் Purchase என்ற தாளில் தேதி, படகு, மீன், மொத்த எடை, நிகர எடை, விலை, பிடித்தம், தொகை என்று வரிசையாக எட்டுப் பத்திகள். பிடித்தம் என்பது தடைக்காலத்தில் படகுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணத்தில் அன்றன்று கழிக்க வேண்டிய தொகை. அதன் ஆங்கிலத் தலைப்பு Advance. அடுத்த தாளில் படகுவாரியாக, கொடுக்க வேண்டிய தொகையிலிருந்து இந்தப் பிடித்தத்தைக் கழித்துக் காட்டும் பட்டுவாடாப் பட்டியல் இருக்கிறது. அங்கே பிடித்தத்தைக் கூட்டும் ஃபார்முலா இது:

```
=IFERROR(SUMIFS(INDEX(Purchase!$A$2:$H$200,0,
 MATCH("Advance",Purchase!$A$1:$H$1,0)),
 Purchase!$B$2:$B$200,A2),0)
```

முன்பு எங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்தவர், பத்திகளின் வரிசை மாறினாலும் பெயரைத் தேடிப் பிடித்துக்கொள்ளட்டும் என்று இப்படி எழுதியிருந்தார். MATCH என்பது முதல் வரியில் Advance என்ற எழுத்துகளை அப்படியே தேடுகிறது. மையத்தார் அந்தத் தலைப்பை முன்பணப் பிடித்தம் என்று மாற்றியதும் தேடல் தோற்று, #N/A என்ற பிழை வந்திருக்க வேண்டும். ஆனால் வெளியே சுற்றியிருக்கும் IFERROR அந்தப் பிழையை விழுங்கிவிட்டு 0 என்று காட்டியது. சிவப்புக் குறியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை.

ஒரு படகின் கணக்கைப் பாருங்கள். முதல் நாள் நெத்திலி 120 கிலோ, கிலோ 70 ரூபாய், தொகை 8,400. மறுநாள் 80 கிலோ, 75 ரூபாய், தொகை 6,000. இரண்டும் சேர்த்து 14,400. இரு நாளும் தலா 1,500 பிடிக்க வேண்டும் என்பதால் கையில் கொடுக்க வேண்டியது 11,400. பட்டுவாடாத் தாள் காட்டியதோ 14,400. எடையையும் விலையையும் பெருக்கும் ஃபார்முலாக்கள் கட்டத்தின் முகவரியைக் கொண்டே எழுதப்பட்டிருந்ததால் தொகைகள் எல்லாம் துல்லியமாக இருந்தன. அதனால்தான் துண்டுச் சீட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்த சித்தப்பாவுக்கும் சந்தேகம் வரவில்லை. முன்பணப் பேரேட்டில் நிலுவை குறையாமல் அப்படியே நிற்பதை வைத்துத்தான் பிடிபட்டது.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்று உண்டு. Advance தலைப்புக் கட்டத்தில், “இந்தத் தலைப்பை மாற்றக் கூடாது, அடுத்த தாள் இதைப் பெயரால் தேடுகிறது” என்ற பொருளில் ஆங்கிலக் குறிப்பு ஒன்று இருந்தது. குறிப்புகளையும் மொழிபெயர்ப்பதற்குத் தனிக்கூலி வாங்கியவர்கள், அந்தக் குறிப்பையும் ஒழுங்காகத் தமிழாக்கி அதே கட்டத்தில் ஒட்டிவிட்டு, அதற்கு மேலேயே தலைப்பை மாற்றியிருக்கிறார்கள். நேரில் கேட்டபோது, “தலைப்ப மாத்தச் சொன்னீங்க, மாத்திக் குடுத்தோம்ணே. உள்ள கணக்கு எப்படி ஓடுதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்?” என்பதே பதில்.

அந்தக் குறிப்பும் எங்களால் படிக்க முடியாத நிலையில் இருந்தது என்பது இரண்டாவது குறை. தலைப்புகள் யுனிகோடில் இருக்க, குறிப்புகளை மட்டும் வேறு யாரோ பழைய பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். அந்த எழுத்துரு உள்ள அவர்கள் கணினியில் அது தமிழ். எங்கள் கணினியிலும் கைபேசியிலும் எடை என்பது vil என்றும் விலை என்பது tpiy என்றும் தெரிந்தது. வேலையை வாங்கும்போதே ஒரு குறிப்பைப் பிரதியெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் யுனிகோடு, ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தால் பழைய எழுத்துரு. தலைப்புக் கட்டமானால் இன்னும் எளிது: கட்டத்தைத் தேர்ந்தெடுத்து மேலே உள்ள ஃபார்முலா பட்டையைப் பார்த்தால் போதும்.

கோப்பைக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியது அரை மணி நேர வேலைதான். Ctrl+F அழுத்தி, Options திறந்து, Within என்பதில் Workbook, Look in என்பதில் Formulas என்று வைத்து, ஒவ்வோர் ஆங்கிலத் தலைப்பையும் தேடுங்கள். தலைப்புக் கட்டத்தைத் தவிர வேறு எங்காவது, மேற்கோள் குறிக்குள் அந்தச் சொல் அகப்பட்டால், அந்தத் தலைப்பை மட்டும் தனியாக மாற்றிவிட முடியாது. பழைய வாரம் ஒன்றின் கோப்பில் ஒவ்வொரு பத்தியின் கூட்டுத்தொகையையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதையே மொழிபெயர்க்கக் கொடுத்து, திரும்பி வந்ததும் ஒப்பிடுங்கள். வெற்றுக் கோப்பைக் கொடுத்தால் எங்களைப் போல எல்லா இடத்திலும் 0 தான் தெரியும், எது பிழையான 0 என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

எங்கள் கோப்பை இப்போது தங்கை திருத்திவிட்டாள். பெயரைத் தேடுவதை விட்டு, பத்தியையே நேராகச் சுட்டியிருக்கிறாள்:

```
=SUMIFS(Purchase!$G$2:$G$200,Purchase!$B$2:$B$200,A2)
```

தலைப்பில் என்ன எழுதினாலும் இது அசையாது. IFERROR இல்லாததால் பிழை வந்தால் பிழையாகவே தெரியும். தரவை Ctrl+T கொடுத்து டேபிளாக மாற்றி வைத்திருப்பவர்களுக்குச் சிரமம் குறைவு; தலைப்புக் கட்டத்தில் பெயரை மாற்றினால் அதைச் சுட்டும் ஃபார்முலாக்களும் தாமாக மாறிக்கொள்ளும். ஆனால் INDIRECT உள்ளே மேற்கோளில் எழுதிய பெயர் மாறாது. பிவட் டேபிள் இருந்தால், தலைப்பை மாற்றிப் புதுப்பித்ததும் அந்தப் பத்தி அறிக்கையிலிருந்து காணாமல் போகும். மீண்டும் இழுத்துப் போட வேண்டும். டேபிளில் மொத்த எடை, நிகர எடை இரண்டுக்கும் வெறும் எடை என்றே பெயரிட்டால் எக்செல் இரண்டாவதை எடை2 ஆக்கிவிடும். டேபிள் அல்லாத சாதாரணத் தாளில் அப்படித் தடுக்காது, பெயரைத் தேடும் MATCH முதலில் உள்ளதையே எடுத்துக்கொள்ளும். ஐஸும் கூடையும் சேர்ந்த எடைக்குப் பணம் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

கூடுதலாகப் போன பணத்தைப் பெரும்பாலான படகுக்காரர்கள் அடுத்தடுத்த வாரங்களில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஒருவர் மட்டும், நீங்கள் கொடுத்த சீட்டில் பிடித்தம் 0 என்றுதானே இருக்கிறது என்று கேட்டு, இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கையில் இருப்பது எங்கள் கோப்பிலிருந்து அச்சிட்ட சீட்டு என்பதால் எங்களால் அழுத்திப் பேசவும் முடியவில்லை. கணினி மையம் வாங்கிய கூலியைத் திருப்பித் தரவில்லை.